தன்விவரக் குறிப்பு: மு. செல்வகுமார், ரசாயன ஆலை ஆபரேட்டர்

விண்ணப்பிக்கும் பதவி: ஷிப்ட் இன்சார்ஜ், குளோரின் மற்றும் ஹெச்.சி.எல். பிரிவு
ஊர்: கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம்
பிறந்த ஆண்டு: 1991
இப்போதைய வேலை: மூத்த பேனல் ஆபரேட்டர், கஞ்சிக்கோடு தொழிற்பகுதியில் கரைப்பான் மீட்பும் பேட்ச் ரியாக்டரும் உள்ள ஆலை
தொடர்பு: கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் உள்ளன. ஆலைகளின் பெயர்கள் இணைத்துள்ள அனுபவச் சான்றிதழ்களில் உள்ளன.

மதிப்பிற்குரிய ஆலை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். ஓட்டிய யூனிட்டுகளைப் பற்றி விண்ணப்பதாரரே தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்று அறிவிப்பில் கேட்டிருந்தீர்கள். அதனால் பதவிப் பெயர்களை அடுக்காமல், எந்த யூனிட்டில் என்ன பார்த்தேன், எதைக் கையால் செய்தேன் என்பதையே எழுதியிருக்கிறேன். குளோரின் ஆலையில் ஆறு ஆண்டுகள், அதன்பின் கரைப்பான் ஆலை. மறுபடியும் குளோரின் பக்கம் வர விரும்பித்தான் விண்ணப்பிக்கிறேன்.

படிப்பு

பத்தாம் வகுப்பு, தமிழ்வழி, கேரளப் பாடத்திட்டம். அரசு ஐ.டி.ஐ.யில் ஏ.ஓ.சி.பி. பிரிவு, இரண்டு ஆண்டு, 2011. அப்ரண்டிஸ் பயிற்சி முடித்துத் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ், 2012. முதலுதவிச் சான்றிதழ் நடப்பில் உள்ளது.

குளோர்-ஆல்கலி ஆலை, தமிழ்நாடு (2012 – 2018)

மெம்பரேன் செல் ஆலை. முதலில் பீல்டு ஆபரேட்டர், பிறகு பேனல்.

தொடக்கம் பிரைன் பிரிவில். உப்பைக் கரைத்து லிட்டருக்கு 300 கிராம் அளவில் பிரைன் தயாரிப்பது, சோடா ஆஷ் போட்டுக் கால்சியத்தையும் காஸ்டிக் போட்டு மக்னீசியத்தையும் பிரிப்பது, கிளாரிபையர் அடியில் சேரும் சேற்றை நேரத்துக்கு வெளியேற்றுவது, ஆந்த்ரசைட் பில்டர் பேக்வாஷ், அயன் எக்ஸ்சேஞ்ச் ரெசினை ஆசிடும் காஸ்டிக்கும் கொண்டு ரீஜெனரேட் செய்வது. செல்லுக்குப் போகும் பிரைனில் ஹார்ட்னஸ் 20 பி.பி.பி.க்குக் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மெம்பரேனில் படிவு ஏறி வோல்டேஜ் உயரும், பிறகு திரும்பாது. ஆய்வகத்திலிருந்து முடிவு வரும்வரை காத்திருக்காமல், ரெசின் டவரின் வெளிவாயில் நானே டெஸ்ட் போட்டுப் பார்த்துக்கொள்வேன். செல் ஹவுஸில் வேலை செய்தவர்களுக்குப் பிரைன் பிரிவு சின்ன வேலையாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. மெம்பரேனின் ஆயுள் அங்கேதான் முடிவாகிறது.

செல் ஹவுஸில் 32 சதவீதக் காஸ்டிக், 85 முதல் 90 டிகிரி வெப்பம். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் வரிசையாகப் பார்த்து, பக்கத்துச் செல்லை விட விலகி நிற்பதைக் குறித்துவைப்பது என் வழக்கம். ஹைட்ரஜன் ஹெடர் அழுத்தம் குளோரின் ஹெடரை விடச் சற்றுக் கூடுதலாக நிற்கிறதா என்பது பேனலில் நான் கண் எடுக்காத இரண்டு எண்களில் ஒன்று. மற்றொன்று குளோரினில் ஹைட்ரஜன் அளவு.

குளோரின் பிரிவில் கூலிங், சல்ப்யூரிக் ஆசிடால் உலர்த்துதல், கம்ப்ரஷன், லிக்விபாக்‌ஷன் ஆகிய நான்கையும் ஓட்டியிருக்கிறேன். குளோரின் திரவமாகும்போது அதிலிருக்கும் சிறிதளவு ஹைட்ரஜன் ஸ்னிப் கேஸில் செறிவாகிவிடும். அது 4 சதவீதத்தை நெருங்க விடக்கூடாது. அதற்கு வெகு முன்பே காற்றுச் சேர்க்கையை உயர்த்துவதும் லிக்விபாக்‌ஷன் சுமையைக் குறைப்பதும் பேனலில் இருப்பவர் முடிவு. யாரையும் கேட்டு நிற்க நேரமிருக்காது.

ஹெச்.சி.எல். சின்தசிஸ் யூனிட்டை நிறுத்தியும் ஏற்றியும் பழகியவன். நைட்ரஜன் பர்ஜ், ஹைட்ரஜனைக் காற்றில் பற்றவைத்தல், பிறகு குளோரினை மெதுவாகத் திறந்து காற்றைக் குறைத்தல், ஹைட்ரஜனைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருத்தல். சைட் கிளாஸில் சுடர் வெள்ளையாகவும் நிலையாகவும் இருந்தால் சரி. மஞ்சள்-பச்சை சாயல் வந்தால் குளோரின் மிகுந்துவிட்டது என்று பொருள். அனலைசர் சொல்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். கிராபைட் உலையின் குளிர்நீர் ஓட்டம் குறைந்தால் டிரிப் ஆகிறதா என்பதை ஒவ்வொரு ஸ்டார்ட்டப்புக்கு முன்பும் சோதித்த பிறகே பற்றவைப்போம். உங்கள் விளம்பரத்தில் இந்த யூனிட்டையே முதலில் குறிப்பிட்டிருப்பதால் இதை விரிவாகச் சொன்னேன்.

டன்னர் நிரப்புதல்: 900 கிலோ டன்னர்கள். நிரப்புமுன் சோதனைத் தேதி, உள்ளே ஈரம், வால்வு ஸ்பிண்டில், பியூசிபிள் பிளக் ஆகியவற்றைப் பார்க்காமல் எடையில் ஏற்றவிடமாட்டேன்.

கரைப்பான் மீட்பு ஆலை, கஞ்சிக்கோடு (2018 முதல்)

டொலுயீன், மெத்தனால், ஐ.பி.ஏ., அசிட்டோன் மீட்கும் பேக்டு டவர்கள், கிளாஸ்லைன்டு ரியாக்டர்கள், சென்ட்ரிபியூஜ், டேங்க் பார்ம். டவரில் டாப் வெப்பநிலையை ரிப்ளக்ஸோடு கேஸ்கேடில் ஓட்டுவது, ஐ.பி.ஏ.வில் தண்ணீர் 12 சதவீதத்துக்கு அருகில் வந்தால் அதற்குமேல் சாதாரண டிஸ்டிலேஷனில் பிரியாது என்று அறிந்து ஸ்டீமை வீணாக்காமல் நிறுத்துவது, கிளாஸ்லைன்டு ரியாக்டருக்குச் சூடு குளிர் திடீரென்று மாறாமல் ஜாக்கெட்டைக் கையாள்வது. இவை தினசரி வேலை.

2020இல் பொதுமுடக்கத்தின்போது ஆலை நிறுத்தப்பட்டு, டேங்குகளைக் கண்காணிக்கக் குறைந்த ஆட்களே இருந்தோம். அவர்களில் நானும் ஒருவன். நைட்ரஜன் பிளாங்கெட்டும் டேங்க் வெப்பநிலையும் ஷிப்டுக்கு ஷிப்ட் பதிவாயின. அந்த மே 7 அன்றுதான் விசாகப்பட்டினத்தில் தேங்கியிருந்த ஸ்டைரீன் சூடேறி ஆவியாக வெளியேறி 12 பேர் இறந்தார்கள். அதன்பின் எங்கள் ஆலையில் மறுதொடக்கத்துக்கான சோதனைப் பட்டியலைத் தயாரித்த குழுவில் டேங்க் பகுதியை நான் எழுதினேன். நின்றுகிடக்கும் ஆலையை ஓடும் ஆலையை விடக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அன்று முதல் என் ஷிப்டில் வரும் புதியவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

ஷிப்ட் கடமைகள்

மூன்று ஷிப்டும் பார்த்தவன். சுற்றுப் பார்வை, மணிக்கொரு லாக், மாதிரி எடுப்பு, பம்ப் மாற்றம், பெர்மிட்டுக்கான ஐசொலேஷன் எல்லாம் உண்டு. இவற்றில் ஒப்படைப்புக்குத்தான் நான் அதிகம் நேரம் கொடுப்பேன். அடுத்தவர் வந்து பேனலில் உட்காரும்வரை நான் எழுந்திருப்பதில்லை. லாக் புக்கில் இருப்பது போதாது என்று நினைப்பவன். பைபாஸில் உள்ள இன்டர்லாக் ஒன்று இருந்தாலும் அதைச் சிவப்பு மையில் எழுதி, வந்தவரிடம் வாயாலும் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லக் கேட்டுக்கொள்வேன். என் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றை மாதிரிக்குத் தருகிறேன்:

"இரவு ஷிப்ட் முடிவு. டவர் 2: டாப் வெப்பநிலை நிலை, ரிப்ளக்ஸ் ஆட்டோவில். TIC-205 நள்ளிரவில் தாவியது, பீல்டு கேஜோடு ஒப்பிட்டதில் பேனல் காட்டுவது மூன்று டிகிரி கூடுதல். இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்குச் சொல்லியாயிற்று, வந்து பார்க்கும்வரை பீல்டு கேஜை நம்பவும். LSHH-311 பைபாஸில் உள்ளது, பொறியாளர் கையெழுத்து உண்டு, டேங்க் 3இல் நிரப்ப வேண்டாம். பம்ப் 4B சீலில் ஈரம், 4A ஓடுகிறது."

மேலிருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில், மெயின்டனன்ஸ் ஆட்களிடம் மலையாளத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் இந்தியில், வீட்டில் தமிழில் பேசுகிறேன். எல்லையோர ஆலைகளில் ஒரே பெர்மிட்டை நான்கு மொழிக்காரர்கள் படிக்க வேண்டியிருப்பதால், வால்வு எண்ணைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டே வேலையைத் தொடங்க விடுவேன்.

கட்டுப்பாட்டு அமைப்புகள்

- யோகோகாவா சென்டம் வி.பி. டி.சி.எஸ். (குளோர்-ஆல்கலி): பேஸ்பிளேட், டிரெண்ட், அலாரம் ஒழுங்கு, சீக்வென்ஸ். ரெக்டிபையர் சுமை ஏற்றம் இறக்கம்.
- சீமென்ஸ் எஸ்7-300 பி.எல்.சி., வின்சிசி திரை (கஞ்சிக்கோடு): பேட்ச் படிகள், ரியாக்டர் இன்டர்லாக், எமர்ஜென்சி ஷட்டவுன் பொத்தான் சோதனை.
- பி.ஐ.டி. லூப் டியூனிங்கில் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களோடு நின்று பழகியவன். புரோகிராம் எழுதத் தெரியாது. லாஜிக் வரைபடத்தைப் படித்து எந்த கண்டிஷன் டிரிப் கொடுத்தது என்று கண்டுபிடிக்கத் தெரியும்.

பாதுகாப்புப் பதிவு

நான் பேனலில் இருந்த ஷிப்டுகளில் ஒருவருக்கும் வேலை நாள் இழக்கும்படியான காயம் ஏற்பட்டதில்லை. இதற்கான ஷிப்ட் அறிக்கையின் நகல் இணைப்பில் உண்டு.

குளோரின் ஆலையில் ஓர் இரவு மின்வெட்டால் ரெக்டிபையர் டிரிப் ஆனது, கம்ப்ரஷரும் நின்றது. டீசல் ஜெனரேட்டர் ஏறும்வரை ஹெடரில் இருந்த குளோரினை எமர்ஜென்சி ஹைப்போ டவருக்குத் திருப்பினேன். காஸ்டிக் சுற்றோட்ட பம்பும் புளோயரும் ஓடுவதை டவரின் அடியிலேயே நின்று உறுதி செய்ய பீல்டு ஆபரேட்டரை அனுப்பினேன். வேலி ஓரத்து சென்சார்கள் எதுவும் அலாரம் கொடுக்கவில்லை. அந்த டவரின் காஸ்டிக் செறிவை ஷிப்டுக்கு ஒருமுறை டைட்ரேட் செய்து வைத்திருந்ததுதான் காரணம்.

கஞ்சிக்கோட்டில் டொலுயீன் லாரி இறக்கும்போது எர்த்திங் கிளிப் மாட்டியிருந்தது. ஆனால் அதன் பற்கள் லாரியின் பெயின்ட் மேல் பிடித்திருந்தன, இரும்பைத் தொடவில்லை. டொலுயீன் மின்சாரத்தைக் கடத்தாது, குழாயில் பாயும்போது நிலைமின்னூட்டம் சேரும். பம்பை நிறுத்தி, சுரண்டிய இடத்தில் மறுபடி மாட்டி, மீட்டரில் தொடர்ச்சி பார்த்த பிறகே இறக்கினோம். நியர்மிஸ் அறிக்கை எழுதினேன். இப்போது எங்கள் இறக்குமிடத்தில் எர்த் சரியாகாவிட்டால் பம்ப் ஓடாதபடி இன்டர்லாக் உள்ளது.

குளோரின் கசிவில் அம்மோனியா டார்ச் காட்டி வெள்ளைப் புகையால் இடம் கண்டுபிடித்தல், கசியும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி டன்னரை உருட்டுதல், பி வகை கிட் பொருத்துதல், கசிவின் மேல் தண்ணீர் அடிக்காமல் இருத்தல், எஸ்.சி.பி.ஏ. அணிதல் எல்லாம் டிரில்களில் நானே செய்து காட்டியவை. மாக் டிரில்லில் விண்ட் சாக்கைப் பார்ப்பதற்கு நான் தனி அழுத்தம் தருகிறேன். பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வரும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வீசும். ஒரே அசெம்பிளி பாயின்ட் ஆண்டு முழுக்கச் சரிவராது. எங்கள் ஆலையில் இரண்டு பாயின்ட் வைக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, அது ஏற்கப்பட்டது. உங்கள் ஆலையில் காற்றுப் போக்கு எப்படி என்பதையும் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்வேன்.

கன்பைன்டு ஸ்பேஸ் நுழைவுக்கு ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கையெழுத்து போட்டதில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும்.

மற்றவை

இப்போதைய ஆலைக்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். ஆலைக் குடியிருப்பு கிடைத்தால் குடும்பத்தோடு வருவேன், இல்லாவிட்டாலும் வருவேன். எதிர்பார்க்கும் சம்பளத்தை நேர்காணலில் பேசிக்கொள்ளலாம். என் முன்னாள் ஷிப்ட் பொறியாளர் இருவர் என்னைப் பற்றிச் சொல்ல இசைந்துள்ளனர். அவர்கள் தொடர்பு எண்கள் இணைப்பின் கடைசித் தாளில்.

மேலே எழுதியவை யாவும் உண்மை. மூலச் சான்றிதழ்களை நேரில் காட்டத் தயாராக உள்ளேன்.

இடம்: கொழிஞ்சாம்பாறை
கையொப்பம்: மு. செல்வகுமார்