2சி வீட்டில் மராமத்து வேலை: வேலை நேரமும் ஒரு வேண்டுகோளும்

குடியிருப்பில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குளியலறையிலிருந்து நீர் கசிந்து, கீழே 1சி வீட்டின் கூரை ஊறிப்போயிருப்பதைப் பலரும் அறிவீர்கள். மேலே பூசி மறைப்பதில் பயனில்லை என்று பிளம்பர் சொல்லிவிட்டார். பழைய டைல்ஸை உடைத்து, அடியில் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லியை அள்ளி, குழாய்களை மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சு பூசிய பிறகே புது டைல்ஸ் பதிக்க முடியும். ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்பதால், ஜூன் 8 திங்கள்கிழமை தொடங்கி 27 சனிக்கிழமை வரை வேலை நடக்கும்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 முதல் 1 மணி வரையும், பிற்பகல் 3 முதல் 5.30 வரையும் மட்டுமே சத்தம் வரும் வேலை. காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடலாம் என்றார் கொத்தனார். ஒன்பதரைக்கு முன் சுத்தியலைத் தொடவே கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறோம். நடுவில் விட்டிருக்கும் இரண்டு மணி நேரம், மதிய உறக்கம் தேவைப்படும் பெரியவர்களுக்காகவும் கைக்குழந்தைகளுக்காகவும். சனிக்கிழமைகளில் பூச்சு வேலை போன்ற ஓசையற்றவை மட்டும். ஞாயிறு விடுமுறை.

முதல் நான்கு நாட்கள்தான் மிகவும் கஷ்டம். உடைக்கும் இயந்திரத்தின் அதிர்வு கான்கிரீட் வழியாக மூன்றாம் தளம் வரை கேட்கும். இதைக் குறைக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. மன்னித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், தேர்வோ நேர்காணலோ உள்ளவர்கள் முந்தைய நாள் ஒரு வார்த்தை சொன்னால், அந்த நேரத்தில் உடைப்பதை நிறுத்திவைக்கிறோம். எங்கள் எண் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. அழைக்கத் தயங்க வேண்டாம்.

டைல்ஸ் அறுக்கும்போது தூசி பறக்கும். கிழக்குப் பக்கக் கொடியில் துணி காயப்போடுபவர்கள் அந்த நாட்களில் மொட்டைமாடியைப் பயன்படுத்துவது நல்லது. இடிபாடுகளை லிஃப்டில் ஏற்ற மாட்டோம். மூட்டை கட்டி, படி வழியாக இறக்கி, மாலைக்குள் வண்டியில் அனுப்பிவிடுவோம். படிகளைத் தினமும் கூட்டித் துடைப்பதும் எங்கள் பொறுப்பு.

ஜூன் 10 புதன்கிழமை காலை 11 முதல் 2 மணி வரை ‘சி’ வரிசை வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வராது. காலையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1சி வீட்டாருக்குத் தனியாக ஒன்று: பூச்சு காய்ந்ததும் குளியலறையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிப்போம். எந்த நாள் என்பதை முன்கூட்டியே சொல்கிறோம். அன்று உங்கள் கூரையில் ஈரம் தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள். டைல்ஸ் பதித்த பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டிவரும். உங்கள் கூரைக்குப் பூச்சும் வண்ணமும் எங்கள் செலவில் செய்துதருகிறோம்.

இப்படிக்கு,
2சி வீட்டார், இரண்டாம் தளம்