ஒன்பதாம் வகுப்பு அறிவியல் – ஒலி: வார இறுதி வீட்டுப்பாடம்

மொத்த மதிப்பெண்கள்: 25. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஒப்படைக்க வேண்டும்.

சென்ற வாரத் தேர்வில் எதிரொலிக் கணக்குக்குச் சூத்திரத்தைச் சரியாக எழுதிய பலர், ஒலி சுவர் வரை போய்த் திரும்பியும் வருகிறது என்பதை மறந்து, விடையை இருமடங்காக எழுதியிருந்தீர்கள். ஆகவே இந்த வீட்டுப்பாடத்தில் எதிரொலிக்கு அதிக இடம் தந்திருக்கிறேன். ஒவ்வொரு கணக்கிலும் தரவு, சூத்திரம், பிரதியிடல், அலகுடன் கூடிய விடை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அலகு இல்லாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கப்படும்.

வேறு மதிப்பு தரப்படாத இடங்களில், காற்றில் ஒலியின் திசைவேகத்தை 344 மீ/வி என்று கொள்க. இது ஏறத்தாழ 22°C வெப்பநிலைக்கு உரியது. 0°C-இல் அது 331 மீ/வி. வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது சுமார் 0.6 மீ/வி கூடுகிறது.

மாதிரிக் கணக்கு: ஆய்வகத்தில் நாம் ரப்பர் கட்டையில் தட்டிய இசைக்கவையின் தண்டில் 512 என்று பொறித்திருந்ததைப் பார்த்தீர்கள். அதன் கிளைகள் ஒரு வினாடியில் 512 முறை அதிர்கின்றன என்பதே அதன் பொருள். v = nλ என்பதால், λ = 344 / 512 = 0.67 மீ. அதாவது காற்றில் ஓர் இறுக்கத்துக்கும் அடுத்த இறுக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 67 செ.மீ. இடைவெளி இருக்கும்.

1. அதே இசைக்கவையை 10°C குளிர் நிலவும் ஊட்டியின் காலைப்பொழுதிலும், 35°C வெயில் அடிக்கும் சென்னையின் நண்பகலிலும் தட்டுவதாகக் கொள்க. இரு இடங்களிலும் ஒலியின் திசைவேகத்தையும் அலைநீளத்தையும் கணக்கிடுக. அதிர்வெண் மாறுமா, மாறாதா என்பதைக் காரணத்துடன் இரண்டு வரிகளில் எழுதுக. (5)

2. 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி, காற்றிலிருந்து கிணற்று நீருக்குள் நுழைகிறது. நீரில் அதன் திசைவேகம் 1480 மீ/வி எனில், இரு ஊடகங்களிலும் அலைநீளம் எவ்வளவு? (3)

3. கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் செங்குத்தான பாறைக்கு எதிரே நின்று ஒரு மாணவி கைதட்டுகிறாள், 0.5 வினாடி கழித்து எதிரொலி கேட்கிறது.
(அ) பாறை எவ்வளவு தொலைவில் உள்ளது?
(ஆ) அவள் பாறையை நோக்கி நடந்துகொண்டே கைதட்டினால், ஓர் இடத்துக்குப் பின் எதிரொலி தனியாகக் கேட்காது. நம் செவியில் ஒலியின் உணர்வு 0.1 வினாடி நீடிக்கிறது என்பதைக் கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க. அதைவிட அருகில் நிற்கும்போது திரும்பி வரும் ஒலி என்னவாகிறது என்பதையும் விளக்குக. (5)

4. செயல்பாடு: ஒரு நீண்ட சுவரிலிருந்து 43 மீ தொலைவில் நின்று, ஒரு தட்டல், ஓர் எதிரொலி, மறு தட்டல் என மூன்றும் சம இடைவெளியில் ஒலிக்குமாறு தாளம் தவறாமல் கைதட்ட வேண்டும். நண்பர் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடிக்கட்டும். முதல் தட்டலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘பூச்சியம்’ என்று எண்ணுங்கள். இல்லையேல் இருபது இடைவெளிகளுக்குப் பதிலாகப் பத்தொன்பதுதான் கிடைக்கும். ‘இருபது’ என்னும்போது கடிகாரம் 10 வினாடி காட்டினால், ஒலியின் திசைவேகம் என்ன? உங்களால் செய்து பார்க்க முடிந்தால் உங்கள் அளவீட்டையே எழுதுக. 344 வரவில்லை என்பதற்காக அதைத் திருத்த வேண்டாம். (6)

5. மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும்.
(அ) இவ்விரு எல்லைகளுக்கும் காற்றில் அலைநீளம் காண்க.
(ஆ) யானை எழுப்பும் 15 ஹெர்ட்ஸ் உறுமல், நாயைப் பழக்கும் 25,000 ஹெர்ட்ஸ் ஊதல், 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஆகியவற்றைக் குற்றொலி, செவியுணர் ஒலி, மீயொலி என வகைப்படுத்துக.
(இ) 3(ஆ)-இன் விடையும் 5(அ)-இன் பெரிய அலைநீளமும் ஒரே எண்ணாக வரும். இரண்டு கணக்குகளையும் அருகருகே எழுதி, எதிரொலிக்கும் கேட்டல் எல்லைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது 0.1 வினாடியின் பாதியும் 1/20 வினாடியும் தற்செயலாக ஒத்துப்போகின்றனவா என்று முடிவு செய்க. (6)

கணிப்பானைப் பயன்படுத்தலாம், விடைகளை இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தினால் போதும். நான்காம் வினாவைக் குழுவாகச் செய்தவர்கள் உடன் செய்தவர்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, விளக்கத்தை அவரவர் சொற்களில் எழுத வேண்டும்.