அடுத்த அறை: குறும்படக் கதைச்சுருக்கம்

வெளிநாட்டில் 9 ஆண்டுகள் கம்பி கட்டிய தொழிலாளி சொல்லாமல் கொள்ளாமல் வீடு திரும்புகிறார். கடைசி 6 மாதச் சம்பளம் வரவில்லை. ஏஜெண்டுக்காக வாங்கிய கடனும் தீரவில்லை. மனைவிக்குக்கூட இது தெரியாது. பெட்டியைத் திறக்கச் சொல்லி மகள் நச்சரிக்க, அவர் தள்ளிப்போடுகிறார். அப்பாவை போனில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள் அவள். எதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வரவில்லை. இரவில் அவள் அடுத்த அறைக்குப் போய் வீடியோ காலில் அழைக்கிறாள். அந்தச் சின்னத் திரையைப் பார்த்துத்தான் அவரால் உண்மையைச் சொல்ல முடிகிறது. இந்தக் காட்சிக்காகவே படம் எடுக்கிறோம்.

15 நிமிடம், ஒரே வீடு, 3 நடிகர்கள், 4 நாள் படப்பிடிப்பு. கேட்கும் நிதியில் பெரும்பகுதி ஒலிக்கு: சுவர் தாண்டி வரும் குரலும் போனில் சற்றுத் தாமதித்து வரும் குரலும் சேர்ந்து கேட்டாக வேண்டும். முதல் திரையிடல் தொழிலாளர் குடும்பங்களுக்கு.