ஆறாம் பாடம்: பெட்டி, பலகை, புள்ளி

பையில் புத்தகம், மேசையில் புத்தகம், வாசலில் தம்பி. மூன்றிலும் 'இல்' என்ற ஒரே உருபுதான். தமிழில் இருக்கும் இந்த வசதிதான் ஆங்கிலம் பேசும்போது நம் காலை வாருகிறது. அங்கே இந்த ஒரு 'இல்'லுக்கு இன், ஆன், அட் என்று மூன்று சொற்கள். ஆகவே இன்று மனத்துக்குள் மொழிபெயர்க்க வேண்டாம், படம் போடுங்கள்.

```
┌─────┐
│  ●  │      ●
└─────┘   ───────    ──▶ ●
  இன்       ஆன்       அட்
```

கறுப்புப் புள்ளிதான் நாம் சொல்லவரும் பொருள். பெட்டிக்குள் இருந்தால் இன்: இன் த பேக். பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆன்: ஆன் த டேபிள். பரப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுவரில் தொங்கும் காலண்டர் ஆன் த வால். தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியும் ஆன் த சீலிங். உள்ளேயா மேலேயா என்று பார்க்காமல் 'இதோ, இங்கே' என்று விரல் நீட்டினால் அட்: அட் த கேட், அட் த பஸ் ஸ்டாப்.

வண்டிகளில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். குனிந்து நுழைந்து உட்காரும் கார், ஆட்டோ இரண்டுக்கும் இன். எழுந்து நடமாடக்கூடிய பஸ், ரயில், விமானத்துக்கு ஆன். காலை எட்டரை மணி பஸ்ஸில் எங்கே நடமாடுவது என்று சென்ற வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனாலும் ஆன்தான்.

காலத்துக்கும் இதே படம் உதவும். இந்தியா விடுதலை பெற்ற நேரத்தைப் பாருங்கள்:

```
இன்  |------ 1947 ------|
இன்     |-- ஆகஸ்ட் --|
ஆன்       |-- 15 --|
அட்        நள்ளிரவு
```

ஆண்டும் மாதமும் பெரிய பெட்டிகள்: இன். நாள், காலண்டரில் ஒரு தாள்: ஆன். மணி, கடிகார முள் தொடும் புள்ளி: அட். 'ஐந்து மணிக்கு' என்று தமிழிலும் 'க்கு' வந்தால் பெரும்பாலும் அட் என்று வைத்துக்கொள்ளலாம்.

காலையில் என்றால் இன் த மார்னிங். ஆனால் திங்கட்கிழமை காலையில் என்றால் ஆன் மண்டே மார்னிங். கிழமை வந்ததும் ஆன் முந்திக்கொள்ளும். இரவில் என்பது அட் நைட். இதற்குப் படம் தேடாதீர்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி ஆகியவை முன்னால் நின்றால் இந்த மூன்று சொற்களில் எதுவும் வராது.

வீட்டுப் பயிற்சி: ஒவ்வொன்றுக்கும் முதலில் படம், பிறகு ஆங்கில வாக்கியம்.

1. சாவி சட்டைப்பையில் இருக்கிறது.
2. கன்னத்தில் ஒரு மச்சம்.
3. அக்கா ரயிலில் வருகிறாள்.
4. ஏப்ரல் 14 அன்று கடை திறக்கிறோம்.
5. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. (இது உண்மையும்கூட.)