கள ஆய்வு அறிக்கை: ரங்கூன் ஸ்ரீ காளியம்மன் கோயில், ஒரு வெள்ளி மாலை

இடம்: மியான்மரில் முன்பு ரங்கூன் எனப்பட்ட யாங்கோன் நகர மையம், அனவ்ரதா சாலை.
நேரம்: வெள்ளிக்கிழமை மாலை 4.30 முதல் 7.15 வரை.
அனுமதி: கோயில் அலுவலகத்தில் நோக்கத்தைச் சொல்லிப் பெற்றது. சந்நிதிகளில் படம் எடுக்கவில்லை. யாருடைய பெயரையும் குறிக்கவில்லை.

ஆய்வாளர்: இந்நகரத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். இங்கே சிறு வயதிலிருந்தே வருகிறேன். பழகிய இடத்தில் கண்ணுக்குத் தப்புவதுதான் அதிகம் என்பதால், வழக்கமாகக் கவனிக்காதவற்றையே முதலில் எழுதினேன்.

பின்னணி

1871இல் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய கோயில். அன்று இப்பகுதி பிரிட்டிஷ் இந்தியாவின் ஆட்சியில் இருந்தது.

கண்டவை

வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டே எல்லோரும் நுழைந்தனர். 5 மணி முதல் 6 மணி வரை அர்ச்சனைத் தட்டோடு வந்தவர்கள் 23 பேர்: புடவையில் 9, பர்மிய லுங்கியில் 11, பிற உடையில் 3. உடையை வைத்து ஒருவரின் மதத்தை முடிவு செய்ய முடியாது. எங்கள் தமிழ்ப் பெண்களும் அன்றாடம் லுங்கிதானே கட்டுகிறார்கள்! ஆகவே என் பட்டியலில் மதத்துக்குக் கட்டம் இல்லை.

5.40க்கு, கன்னத்தில் தனகா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பெண் தேங்காய், வாழைப்பழம், மெழுகுவத்தி வைத்த தட்டை நீட்டினார். குருக்கள் பர்மிய மொழியில் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். அவர் பெயரைச் சொல்லி, தாம் பிறந்த கிழமை செவ்வாய் என்றார். பர்மியச் சோதிடத்தில் ஒருவருக்குப் பிறந்த கிழமையே முதன்மை. குருக்கள் மறுபடி கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மந்திரத்தினிடையே அந்தப் பெயர் காதில் விழுந்தது, கிழமை விழவில்லை. தீபாராதனை முடிந்ததும் அந்தப் பெண் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினார். அருகில் நின்ற புடவைக்காரர் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருவருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து குங்குமம் தரப்பட்டது.

இந்தச் சில நிமிடங்களே இந்த வருகையின் சாரம் என்று கருதுகிறேன். ஆனாலும் "பக்தியோடு", "அரைகுறையாக" போன்ற சொற்களுக்கு இதில் இடமில்லை. எனக்குத் தெரிந்தது அவர் நெற்றி தரையில் பட்டது மட்டுமே.

கேட்டவை

வாசலில் பூ விற்கும் அக்கா சொன்னது: "வெள்ளிக்கிழமையில் பர்மாக்காரர்கள்தான் நிறைய வருவார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளும் வருவார்கள்." இது அவர் கூற்று, ஒரு மாலைக் கணக்கு அதை உறுதி செய்யாது, மறுக்கவும் செய்யாது. அலுவலகத்திலிருந்த பெரியவர், வருபவர்களை ஊர், இனம் கேட்கும் வழக்கம் இங்கு இல்லை என்றார்.

அடுத்த வருகைக்கு

நட்சத்திரம் சொல்லாதவர்களுக்கு எப்படிச் சங்கல்பம் செய்கிறார் என்று குருக்களிடம் கேட்க வேண்டும். கிழமை சொல்லி அர்ச்சனை செய்பவர் ஒருவர் சம்மதித்தால், அவர் எதற்காக வந்தார் என்பதை அவர் வார்த்தையிலேயே பதிவு செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமையும் ஒரு மணி நேரக் கணக்கு எடுக்க வேண்டும்.