தினைப்புனம் காத்த வள்ளி: கிட்டார், ஆர்மோனியத்துக்கான கார்டுத் தாள்

ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலையில் நம் பஜனைக் குழு பாடப்போகும் பாட்டு. மோகனம், ஆதி தாளம். ஸ்ருதி 5 கட்டை, அதாவது G. நிதானமான நடை, படியேறி வந்தவர்களும் மூச்சு வாங்காமல் கூடப் பாட வேண்டும்.

மேலே கார்டு, கீழே சொல். ஒரு கட்டத்துக்கு இரண்டு அடி, ஒரு வரிக்கு எட்டு அடி. எழுத்துக்கு மேல் எழுத்தாக வைத்தால் போனில் திறக்கும்போது கார்டு இடம் மாறிவிடுகிறது. அதனால்தான் கட்டம். கட்டம் தொடங்கும் அடியிலேயே கார்டு விழட்டும்.

பல்லவி

| G | G | Em | G |
| தினைப்புனம் | காத்த வள்ளி | திருக்கரம் | பிடித்த வேலா |

| G | Em | D5 | G |
| மனப்புனம் | காக்க வாராய் | மயில்மிசை | அமர்ந்த சீலா |

சரணம் 1

| Em | Em | G | G |
| வேடனாய் | வந்து நின்றாய் | வேங்கையின் | மரமும் ஆனாய் |

| Em | G | D5 | D5 |
| கூடவே | கிழவன் ஆனாய் | குறமகள் | மனத்தை வென்றாய் |

சரணம் 2

| Em | Em | G | G |
| ஆனையைக் | கண்டு வள்ளி | அஞ்சியே | அணைந்த மார்பா |

| Em | G | D5 | D5 |
| தேனொடு | தினைமா வைத்துத் | தெருவெலாம் | பாடி வந்தோம் |

சரணம் 3

| Em | Em | G | G |
| பொன்னைநீர் | வற்றும் போதும் | புதுமழை | கேட்டு நின்றோம் |

| Em | G | D5 | D5 |
| உன்னையே | நம்பும் ஊருக்கு | உன்னருள் | பொழிய வேண்டும் |

ஒவ்வொரு சரணமும் D5-இல் நிற்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் பாடுபவர் பஞ்சமத்தில் நிற்பார். அவசரப்பட்டு G-க்குப் போய்விடாதீர்கள். பல்லவியின் முதல் சொல்லோடுதான் G வர வேண்டும். பாட்டு முடியும்போது மட்டும் பல்லவியின் இரண்டாம் வரியை மூன்று முறை பாடி, கடைசி G-ஐ ஒரு ஆவர்த்தனம் நீட்டிவிடலாம்.

ஏன் மூன்றே கார்டு? மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் இல்லை. பழக்கத்தில் கை தானாக C-க்கும் D-க்கும் போகும். C-இல் மத்யமம் இருக்கிறது, முழு D-இல் நிஷாதம் இருக்கிறது. பாடுபவர் தொடாத சுரத்தைப் பக்கத்தில் நாம் ஒலித்தால் அவருக்கே ராகம் தடுமாறும். G என்பது ச-க-ப. Em என்பது த-ச-க. D5 என்பது ப-ரி, அவ்வளவுதான். இந்த மூன்றுக்குள் ராகத்தின் ஐந்து சுரமும் வந்துவிடுகின்றன. நாலாவது கார்டு சேர்த்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

கிட்டார்: G (320003), Em (022000), D5 (xx023x). D5 என்பது வழக்கமான D வடிவம்தான், முதல் தந்தியை மட்டும் மீட்டக் கூடாது. நிஷாதம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கட்டத்தின் முதல் அடிக்குக் கட்டைவிரலால் ஒரு தடித்த தந்தி, இரண்டாவது அடிக்கு மேலிருந்து கீழே ஒரு வருடல். போதும், தாளத்தை ஜால்ரா பார்த்துக்கொள்ளும்.

5 கட்டையைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகான காரணம் ஒன்று உண்டு. கிட்டாரின் திறந்த தந்திகள் E, A, D, G, B. 5 கட்டையில் அவை அப்படியே த, ரி, ப, ச, க. அதாவது விரலே வைக்காமல் வருடினாலும் மோகனத்துக்கு வெளியே போக மாட்டீர்கள்! புதிதாக வாசிப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ராகம் கிடையாது.

ஆண் குரல் மட்டும் இருந்து 1 கட்டைக்கு இறக்கினால், ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு இதே வடிவங்களை வாசிக்கலாம். 6 கட்டை கேட்டால் இரண்டாவது ஃபிரெட்.

ஆர்மோனியத்தைத் திருத்த முடியாது, அதனால் கிட்டார்தான் அதற்கு இணங்க வேண்டும். முதலில் மூன்றாவது தந்தியை ஆர்மோனியத்தின் 5 கட்டை ஸட்ஜத்தோடு சேருங்கள், மற்றவற்றை அதிலிருந்து பிடியுங்கள். போன் ட்யூனரை மட்டும் நம்பினால், பழைய பெட்டியோடு மயிரிழை விலகி நிற்கும்.

ஆர்மோனியம்: ஒரு கை துருத்திக்குப் போய்விடுகிறது, மிச்சம் ஒரு கைதான். எனவே முன்பாடகர் பாடும்போது மெட்டை வாசியுங்கள். கூட்டம் திருப்பிப் பாடும்போது கார்டைப் பிடியுங்கள். இரண்டு பெட்டி இருந்தால் ஒன்று மெட்டு, மற்றது கார்டு. கார்டை நடு ஸ்தாயிக்குக் கீழே வையுங்கள், மேலே பிடித்தால் பெண்கள் குரலை மூடிவிடும். G-யிலிருந்து Em-க்குப் போகும்போது ச-வும் க-வும் அழுத்தியபடியே இருக்கட்டும். ப-வை விட்டு, கீழ் த-வைப் பிடித்தால் போதும். D5-க்கு ப, ரி இரண்டு விரல்தான். துருத்தியைச் சொல்லுக்குச் சொல் குலுக்காமல், வரி முழுக்க ஒரே சீராகக் காற்று கொடுங்கள்.

பல்லவியில் கட்டந்தோறும் மெட்டு வந்து விழும் சுரம்: முதல் வரியில் ச, ப, த, க. இரண்டாம் வரியில் ப, த, ரி, ச. வாசிக்கும்போது இடம் தவறிவிட்டால் தேடிக்கொண்டே இருக்காமல், "வேலா" என்ற சொல்லுக்காகக் காத்திருந்து G-யில் சேர்ந்துகொள்ளுங்கள்.