காலஞ்சென்ற என் கணவரின் வைப்புப் பணத்தை விடுவிக்கக் கோரும் கடிதம்

க. செல்வநாயகி,
லயம் இல. 7, மேல் கணக்கு,
தலவாக்கலை.
2025.04.07

முகாமையாளர் அவர்கள்,
ஹட்டன் கிளை.

மதிப்பிற்குரிய ஐயா,

ராமசாமி கருப்பையா: சேமிப்புக் கணக்கு இல. 118022004471, நிலையான வைப்பு இல. 118060000932

மேலே உள்ள இரண்டு கணக்குகளும் என் கணவருடையவை. அவர் கடந்த ஜனவரி 19ஆம் திகதி நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் காலமானார். சேமிப்பில் 84,350 ரூபாயும் நிலையான வைப்பில் 600,000 ரூபாயும் இருக்கின்றன. இந்தப் பணத்தை, சேர்ந்த வட்டியோடு, உங்கள் கிளையில் உள்ள என் சொந்தக் கணக்கில் வரவு வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர் அவர். 2022இல் வேலையை விட்டபோது கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதிப் பணம்தான் அந்த நிலையான வைப்பு. அதில் ஒரு சதமும் எடுத்ததில்லை. சேமிப்புப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி சாமித்தட்டுக்குப் பின்னால் வைத்திருப்பார். அதன் கடைசி வரி 2024 டிசம்பர் 12, வரவு 2,500 ரூபாய். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

இதற்கு முன் இரண்டு தடவை கிளைக்கு வந்தேன். பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கேட்டதில் பிழை இல்லை, அதனால் அதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன். அடையாள அட்டையில் "ராமசாமி கருப்பையா" என்று இருக்கிறது. எங்கள் விவாகச் சான்றிதழில் "ராமன் கருப்பையா". உங்கள் வங்கிப் புத்தகத்தில் "ஆர். கறுப்பையா". என் மாமனாரை லயத்தில் எல்லோரும் ராமன் என்றுதான் கூப்பிடுவார்கள், தோட்டத்துப் பதிவில் ராமசாமி. கல்யாணப் பதிவின்போது கேட்டவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பெரியவர்கள் அதைத் திருத்தச் சொல்லவில்லை. தோட்டத்தில் பாதி வீடுகளில் இந்தக் கதைதான்.

மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் நான் செய்த சத்தியக் கடதாசியும், கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதமும் இதனுடன் இருக்கின்றன. கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் உண்டு. அவற்றைவிட முக்கியமான ஒன்று: கணக்குத் தொடங்கிய விண்ணப்பம், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதம் மூன்றிலும் ஒரே அடையாள அட்டை இலக்கம்தான் உள்ளது. உங்கள் கோப்பிலுள்ள விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஐயா.

அவர் பின்னுரித்தாளர் யாரையும் போடவில்லை. இறுதி விருப்பாவணமும் எழுதவில்லை. அப்படியானால் பாதி மனைவிக்கும் மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும் என்று சட்டத்தரணி சொன்னார். எங்களுக்கு நான்கு பிள்ளைகள், எல்லோரும் பதினெட்டு வயது தாண்டியவர்கள். மூத்தவன் சிவகுமார் கொழும்பில் கடையில் வேலை, மலர்விழி பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், சுரேஷ் கட்டாரில். கடைக்குட்டி தர்ஷினி பத்தனை கல்வியியற் கல்லூரியில் படிக்கிறாள். முழுப் பணத்தையும் எனக்கே கொடுக்கச் சம்மதம் என்று நால்வரும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். சுரேஷின் கடிதம் தோஹாவில் உள்ள நமது தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தப்பட்டது. அவனது கடிதம் வந்து சேரத்தான் இவ்வளவு நாள் ஆனது.

இறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதிகள், வாரிசு விபரம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, இரண்டு கணக்குகளின் மூலப் புத்தகமும் வைப்புச் சான்றிதழும் இதனுடன் கொண்டுவந்துள்ளேன். மூலப் பிரதிகளைப் பார்த்தபின் புத்தகத்தைத் தவிர மற்றவற்றைத் திருப்பித் தாருங்கள், பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.

நிலையான வைப்பு மே 20ஆம் திகதி முதிர்வடைகிறது. அன்று அது தானாக இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படாமல் நிறுத்தி வைக்கவேண்டும். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு என் தோட்டை அடகு வைத்தேன், வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. மழை தொடங்குமுன் கூரைத் தகரமும் மாற்றவேண்டும்.

இன்னும் ஏதாவது ஆவணமோ நீதிமன்றக் கடிதமோ தேவையென்றால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் தமிழில் எழுதித் தபாலில் அனுப்புங்கள். நான் கொழுந்து பறிக்கிறேன். ஹட்டனுக்கு வரும் ஒவ்வொரு நாளும் 1,350 ரூபாய் சம்பளம் போய்விடும், பஸ் காசு வேறு. வரச் சொல்லும் நாளில் மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
க. செல்வநாயகி
(காலஞ்சென்ற ராமசாமி கருப்பையாவின் மனைவி)